குண்டு கனமா, நூல் நீளமா?

அறிவியல் கண்காட்சி என்றதும் எரிமலை செய்யக் கிளம்பும் பிள்ளைகளுக்கு நான் தனி ஊசலைத்தான் சிபாரிசு செய்வேன். ஒரு நூல், இரண்டு குண்டுகள், செல்போனில் இருக்கும் ஸ்டாப்வாட்ச், அவ்வளவுதான். செலவே இல்லை. ஆனால் ஆளை ஏமாற்றுவதில் கெட்டிக்கார ஊசல் அது.

கேள்வி இதுதான்: குண்டு கனமானால் ஊசல் மெதுவாக ஆடுமா? ஒரு முறை போய்த் திரும்பி வர ஆகும் நேரம் அலைவு நேரம். நாம் வேண்டுமென்று மாற்றுவது குண்டின் எடை. பாடப்புத்தகம் இதைச் சாரா மாறி என்கிறது. அளப்பது அலைவு நேரம். அது சார்ந்த மாறி. நூலின் நீளம், குண்டை எவ்வளவு தூரம் இழுத்து விடுகிறோம் என்கிற வீச்சு, இவையெல்லாம் கட்டுப்படுத்தப்பட்ட மாறிகள். அவற்றைக் கடைசிவரை மாற்றக் கூடாது.

ஏன் மாற்றக் கூடாது? இரண்டை ஒன்றாக மாற்றினால் விடை குழம்பும் என்பார்கள். குழப்பம் கண்ணுக்குத் தெரிந்தால்கூடப் பரவாயில்லை. தெரியாமலே போய்விடுவதுதான் ஆபத்து. 50 செ.மீ. நீளமுள்ள ஊசலைச் சிறிதாக இழுத்து விட்டால் 20 அலைவுக்கு ஏறத்தாழ 28.4 விநாடி ஆகும். நீளத்தை 46 செ.மீ. ஆக்கி, கூடவே 45 பாகை வரை இழுத்தும் விடுங்கள். நீளம் குறைந்ததால் நேரம் குறையும், வீச்சு கூடியதால் நேரம் கூடும். மொத்தத்தில் 28.3 விநாடி. நோட்டில் எழுதிப் பார்த்தால், நீளத்துக்கும் நேரத்துக்கும் சம்பந்தமே இல்லை என்று தோன்றும். ஊசலின் அலைவு நேரத்தைப் பிரதானமாகத் தீர்மானிப்பதே நீளம்தான்! (வீச்சு எவ்வளவு பெரிதானாலும் அலைவு நேரம் மாறாது என்று கலிலியோவே நம்பினார். அப்படியில்லை என்று காட்டியவர் ஹைகன்ஸ்.)

சரி, ஒழுங்கான ஒரு மாணவியை எடுத்துக்கொள்வோம். எடையை மட்டும்தான் மாற்றுகிறாள். முதலில் 1 செ.மீ. ஆரமுள்ள சின்னக் குண்டு, அடுத்து 3 செ.மீ. ஆரமுள்ள பெரிய குண்டு. நூலை ஸ்கேல் வைத்து இரண்டு முறையும் சரியாக 50 செ.மீ. அளந்து கட்டுகிறாள். இழுக்கும் தூரமும் ஒன்றுதான். சின்னக் குண்டுக்கு 20 அலைவுக்கு 28.7 விநாடி, பெரியதற்கு 29.2. கனமான குண்டு மெதுவாக ஆடுகிறது என்று சார்ட்டில் எழுதிவிடுகிறாள்.

கணக்கு சரி, முடிவு தப்பு. ஊசலின் நீளம் என்பது நூலின் நீளமல்ல. நூலைத் தொங்கவிட்ட புள்ளியிலிருந்து குண்டின் மையம் வரையுள்ள தூரம். சின்னக் குண்டுக்கு அது 51 செ.மீ., பெரியதற்கு 53. அவள் ஒன்றை மட்டும் மாற்றியதாக நினைத்தாள். குண்டு பெரிதானபோது நீளமும் கூடவே மாறிவிட்டது. அந்த அரை விநாடி நீளத்தால் வந்தது, எடையால் அல்ல. வாஷர்களை ஒன்றின் கீழ் ஒன்றாகக் கட்டித் தொங்கவிடுகிறவர்களுக்கும் இதே கதிதான்.

ஆகவே எதை மாறாமல் வைப்பது என்று தீர்மானிப்பதற்கே கொஞ்சம் இயற்பியல் வேண்டியிருக்கிறது. தீர்வு எளிது. ஒரே அளவுள்ள கண்ணாடிக் கோலியும் இரும்புக் குண்டும் கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டால் பெரிய குண்டுக்கு நூலை 48 செ.மீ. ஆகக் குறைத்துக் கட்டினால் மையம் 51 செ.மீ.க்கு வந்துவிடும். வாஷர் என்றால் எல்லாவற்றையும் ஒரே கொக்கியில் மாட்ட வேண்டும். இழுக்கும் இடத்துக்குப் பின்னால் சுவரில் பென்சிலால் ஒரு கோடு போட்டுக்கொண்டால் வீச்சும் மாறாது. கையை விடும்போது குண்டைத் தள்ளிவிடக் கூடாது.

எண்ணுவதிலும் ஒரு சங்கதி உண்டு. குண்டை விடும்போதே 'ஒன்று' என்று தொடங்கினால் 20 என்று சொல்லும்போது 19 அலைவுதான் முடிந்திருக்கும். இந்தத் தப்பை எல்லா முறையும் ஒரே மாதிரி செய்தால் அலைவு நேரம் தப்பாக வருமே தவிர, இரண்டு குண்டுகளுக்கான ஒப்பீடு கெடாது. ஒரு முறை பூஜ்யத்திலிருந்தும் இன்னொரு முறை ஒன்றிலிருந்தும் எண்ணினால்தான் வம்பு: ஒரு முழு அலைவே, அதாவது 1.4 விநாடி, வித்தியாசமாக வந்து நிற்கும்.

இவ்வளவும் செய்த பிறகு ஒரு குண்டுக்கு 28.6, மற்றதற்கு 28.7 என்று வரலாம். அந்த 0.1 விநாடி எடையின் வேலையா? எதையுமே மாற்றாமல், ஒரே குண்டை ஐந்து முறை ஆடவிட்டுப் பாருங்கள். அதே குண்டு 28.5இலிருந்து 28.8 வரை காட்டினால், 0.1 என்பது பொத்தானை அழுத்தும் விரலின் தாமதம்தான். எடைக்கு அதில் பங்கு இருப்பதாகச் சொல்ல முடியாது. இந்த ஐந்து எண்களையும் சார்ட்டில் போட்டுவிடுங்கள், நடுவர் முதலில் கேட்கப்போவது அதைத்தான்.