மேற்குக் காற்றில் வடக்கே பறக்க

பறந்துகொண்டிருக்கும் விமானத்தைச் சீரான காற்று பக்கத்தில் மோதித் தள்ளுவதில்லை. விமானத்தைச் சுற்றியுள்ள காற்று முழுவதும் நகர்கிறது. அதோடு விமானமும் நகர்கிறது. ஆற்றைக் கடக்கும் பரிசலை நீரோட்டம் இழுத்துப்போவது போலத்தான் இது. ஆகவே விமானி இறக்கையைச் சாய்த்துப் பிடிக்கவோ, சுக்கானை மிதித்துக்கொண்டே இருக்கவோ வேண்டியதில்லை. மூக்கைச் சரியான திசையில் வைத்தால் போதும்.

ஒரு சிறிய விமானம் நேர் வடக்கே 100 கடல் மைல் தொலைவில் உள்ள ஊருக்குப் போக வேண்டும். காற்றினூடே அதன் வேகம் 100 நாட், அதாவது மணிக்கு 100 கடல் மைல். மேற்கிலிருந்து 20 நாட் காற்று வீசுகிறது. மூக்கை வடக்கே வைத்துப் பறந்தால், ஒரு மணி நேரத்தில் விமானம் ஊருக்குக் கிழக்கே 20 கடல் மைல் தள்ளி நிற்கும்.

இதைத் தவிர்க்க, விமானத்தின் 100 நாட்டில் மேற்கு நோக்கிய பங்கு சரியாக 20 நாட் ஆகும் அளவுக்கு மூக்கை மேற்கே திருப்ப வேண்டும். தாளில் வரைந்தால் இது ஒரு செங்கோண முக்கோணம். 100 அதன் கர்ணம், 20 எதிர்ப்பக்கம். கோணத்தின் சைன் 0.2, எனவே கோணம் சுமார் 11.5 பாகை. உண்மை வடக்கை 360 என்று கொண்டால், மூக்கு இருக்க வேண்டிய திசை 348.5. வடக்கு நோக்கி எஞ்சும் வேகம் √(100² − 20²), ஏறத்தாழ 98 நாட். பயணம் 61 நிமிடம் ஆகும். எதிர்க்காற்றே இல்லாதபோதும் பக்கக்காற்று ஒரு நிமிடத்தைத் தின்றுவிடுகிறது.

மாணவர்கள் பலர் 20-ஐ 100-ஆல் வகுத்து, அதை டேன்ஜென்டாக எடுத்துக்கொள்கிறார்கள். கிடைப்பது 11.3 பாகை, பிழை கண்ணில் படாது. காற்று 60 நாட்டானால் பிழை வெளிப்பட்டுவிடும்: வேண்டியது 36.9 பாகை, கிடைப்பது 31. விமானம் மணிக்கு எட்டரைக் கடல் மைலுக்கு மேல் கிழக்கே ஒதுங்கும்.

இன்னொரு தவறு, மூக்கை எப்போதும் ஊரை நோக்கியே வைப்பது. விமானம் ஊரை அடையத்தான் செய்யும். ஆனால் கிழக்கே வளைந்து, கடைசியில் காற்றுக்கு எதிராகத் திரும்பி, 62.5 நிமிடத்தில். திசைகாட்டியின் எண் விடாமல் குறைந்துகொண்டே வருவதுதான் இதற்கு அடையாளம். சரியாகக் கணக்கிட்டவருக்கு எண் 348.5-லேயே நிற்கும், ஊர் மூக்குக்கு வலப்புறம் அதே கோணத்தில் தெரிந்துகொண்டிருக்கும்.

பக்கக்காற்று விமானத்தின் வேகத்தை எட்டிவிட்டால் இந்தக் கணக்குக்கு விடையே இல்லை: மூக்கை முழுவதும் மேற்கே திருப்பினாலும், வடக்கே போக வேகம் மிஞ்சாது.