வெளுத்தாலும் அது தங்கமே!

நிக்காஹ் நிச்சயமாகிவிட்டது. மாப்பிள்ளைக்கு மோதிரம் எடுக்கக் கடைக்குச் செல்கிறீர்கள். ஆண்களுக்குத் தங்கம் கூடாதே என்று தயங்கி நிற்கையில், "இது வெள்ளைத் தங்கம், பிளாட்டினம் மாதிரிதான்" என்று கூறி வெண்ணிற மோதிரம் ஒன்றை நீட்டுகிறார் கடைக்காரர். வாங்குவதற்கு முன், அது எப்படி வெளுத்தது என்பதை அறிந்துகொள்ளுங்கள்.

சுரங்கத்தில் விளையும் தங்கத்தில் வெள்ளை என்றொரு வகை கிடையாது. சொக்கத் தங்கம் மஞ்சள்தான். தன்மேல் விழும் ஒளியில் நீலத்தை அது பெரும்பாலும் உள்வாங்கிக்கொண்டு, மஞ்சளையும் சிவப்பையும் திருப்பி அனுப்பிவிடுவதே அதற்குக் காரணம். நிறம் மாறுவது பட்டறையில், வேறு உலோகங்களைச் சேர்த்து உருக்கும்போதுதான்.

எட்டு கிராம் எடையில், 18 காரட்டில் மூன்று மோதிரங்கள் இருப்பதாகக் கொள்வோம். மூன்றிலும் தங்கம் ஆறு கிராம். மீதி இரண்டு கிராமில் என்ன சேர்ந்தது என்பதே வேறுபாடு.

இரண்டு கிராமும் வெள்ளியானால் தங்கம் வெளிறி, இளம்பச்சை சாயல் பெறும். வெள்ளி சேர்த்தால் வெள்ளையாகும் என்று நாம் எண்ணுவது இங்கே பொய்த்துப் போகிறது! செம்போ சிவப்பை நோக்கி இழுக்கும். ஆகவே வெள்ளி ஒரு கிராம், செம்பு ஒரு கிராம் என்று சேர்க்க, பச்சையும் சிவப்பும் ஒன்றையொன்று அடக்கிவிட, நமக்குப் பழகிய மஞ்சளே நிற்கிறது. செம்பை ஒன்றே முக்கால் கிராம் அளவுக்கு உயர்த்தி, வெள்ளியைக் கால் கிராமாகக் குறைத்தால் கிடைப்பது ரோஜா நிறத் தங்கம்.

வெள்ளை மோதிரத்திற்கு நிக்கல் அல்லது பல்லேடியம் வேண்டும். இவை தங்கத்தோடு கலந்ததும், மஞ்சள், சிவப்பு ஒளியின் ஒரு பகுதியும் உள்வாங்கப்படுகிறது. எல்லா நிறங்களும் ஏறத்தாழ ஒரே அளவில் திரும்புவதால் மஞ்சள் மறைந்து சாம்பல் கலந்த வெண்மை தோன்றுகிறது. கடையில் கண்ணைப் பறிக்கும் பளபளப்பு இதனுடையதன்று. மேலே பூசப்பட்ட ரோடியம் முலாமுடையது. அணிய அணிய அது தேய்ந்து, உள்ளிருக்கும் மங்கிய நிறம் தலைகாட்டும். மறுபடியும் முலாம் பூச வேண்டிவரும். நிக்கல் கலந்ததாயின் சிலருக்கு விரலில் அரிப்பும் தடிப்பும் உண்டாகும்.

22 காரட்டில் இந்த வித்தை பலிக்காது. எட்டு கிராமில் முக்கால் கிராமுக்கும் குறைவாகவே பிற உலோகம் சேர்வதால், தங்கத்தின் மஞ்சளை அதனால் வெல்ல இயலாது. அதனால்தான் வெள்ளைத் தங்கம் பெரும்பாலும் 18 காரட்டிலோ 14 காரட்டிலோ வருகிறது.

ஆக, கடைக்காரர் நீட்டிய மோதிரத்தில் முக்கால் பங்கு தங்கமே. ஆண்களுக்குரிய தடை அதற்கும் பொருந்தும் என்றே மார்க்க அறிஞர்கள் கூறுகின்றனர். பிளாட்டினம் என்பது முற்றிலும் வேறொரு உலோகம். ஐயமிருந்தால் மோதிரத்தின் உட்புற முத்திரையைப் பாருங்கள். 18 காரட் தங்கத்தில் 750 என்ற எண் இருக்கும். பிளாட்டினமாயின் பெரும்பாலும் 950 என்றிருக்கும்.