வந்தவர்கள் எத்தனை பேர், யாருடைய கணக்கில்?

2024 ஜூலை 10 அன்று நடந்த விக்கிரவாண்டி இடைத்தேர்தலில் 82.48 சதவீத வாக்குகள் பதிவாயின. இந்த எண்ணை நம்பலாம். பட்டியலில் பெயர் இல்லாதவர் வாக்களிக்க முடியாது என்பதால், சதவீதக் கணக்கில் மேலே உள்ள எண்ணும் கீழே உள்ள எண்ணும் ஒரே கூட்டத்தைத்தான் குறிக்கின்றன. விக்கிரவாண்டியிலிருந்து நெடுஞ்சாலையில் திண்டிவனம் பக்கம் போனால் வரும் கூட்டேரிப்பட்டில் ஒரு இலவசக் கண் சிகிச்சை முகாம் நடத்திவிட்டு இப்படிச் சதவீதம் சொன்னால், அதை அப்படியே நம்ப முடியாது.

ஒரு கற்பனைக் கணக்கைப் பார்ப்போம். முகாமுக்கு முன்பே 300 பெயர்கள் பதிவாகின்றன. அன்றைக்கு 210 பேர் வருகிறார்கள். "70 சதவீத வருகை" என்று அமைப்பாளர் மைக்கில் அறிவித்துவிடுவார். ஆனால் வரவு நோட்டைப் பதிவுப் பட்டியலோடு ஒப்பிட்டால், அந்த 210 பேரில் 90 பேர் பதிவே செய்யாதவர்கள். மயிலம் போக பஸ்ஸுக்கு நின்றவர்கள், பேனரைப் பார்த்து உள்ளே வந்தவர்கள். பதிவு செய்து வந்தவர்கள் 120 பேர்தான். 300-இலும் 20 பெயர்கள் இரட்டிப்பு. அம்மாவின் பெயரை மகனும் கொடுத்திருப்பார், மருமகளும் கொடுத்திருப்பார். அவற்றை நீக்கினால் 280-க்கு 120, அதாவது 43 சதவீதம்.

210 என்ற எண் பயனற்றது என்று சொல்லவில்லை. எத்தனை நாற்காலி, எத்தனை சாப்பாடு, எத்தனை பரிசோதகர்கள் என்பதற்கு அதுதான் வேண்டும். அழைப்பு வேலை செய்ததா என்று பார்க்க 43 சதவீதம் வேண்டும். இரண்டையும் கலந்தால் இரண்டுக்கும் உதவாது.

இனி அந்த 280 பேரைப் பிரியுங்கள். 160 பேர் வாட்ஸ்அப் படிவத்தில் பதிந்தவர்கள்; அவர்களில் 40 பேர் வந்தார்கள், கால் பங்கு. மீதி 120 பேரின் பெயரைத் தன்னார்வலர்கள் வீடு வீடாகப் போய் எழுதி வந்தார்கள். அவர்களில் 80 பேர் வந்தார்கள், மூன்றில் இரண்டு பங்கு. அடுத்த முறை எங்கே உழைக்க வேண்டும் என்பதை 43 சதவீதம் சொல்லவில்லை, இந்தப் பிரிவு சொல்லிவிட்டது. வராத 160 பேரில் இருபது பேருக்குப் போன் போட்டுக் காரணம் கேட்டால் இன்னும் தெளிவாகும். அன்று முகூர்த்த நாளா, அறுவடையா, கூட வர ஆள் இல்லையா என்று தெரிந்தால் தேதியை மாற்றுவதா வண்டி அனுப்புவதா என்று முடிவு செய்யலாம். ஒரே ஊரில் ஆறு பெயர்தான் பதிவாகியிருந்தால் மட்டும் சதவீதம் போடாதீர்கள். அங்கே ஒருவர் வராமல் போனாலே 17 புள்ளி சரிந்துவிடும்.

பதிவுக்கும் வருகைக்கும் நடுவில் நாட்கள் கூடக் கூட ஆட்கள் கழன்றுகொள்வார்கள். அரவிந்த் கண் மருத்துவமனை இதற்குக் கண்ட வழி நேரடியானது. முகாமில் கண்புரை அறுவைக்குத் தேர்வானவர்களை அன்றைக்கே பஸ்ஸில் ஏற்றி மருத்துவமனைக்கு அழைத்துப் போய்விடுவார்கள். சாப்பாடு, தங்குமிடம், திரும்பும் பயணம் எல்லாம் அவர்கள் பொறுப்பு. "யோசித்து அடுத்த வாரம் வாருங்கள்" என்று சொல்லி அனுப்பியிருந்தால், பலர் வீட்டு வாசலைத் தாண்டியிருக்க மாட்டார்கள்.

ஆனால் அந்த மருத்துவமனையின் முகாம்களையே எடுத்துக்கொண்டு 1999-இல் வெளியான ஒரு ஆய்வு வேறொரு கேள்வியைக் கேட்டது. முகாமுக்கு வந்தவர்களை விட்டுவிட்டு, முகாம் நடந்த கிராமங்களில் கண் கோளாறு உள்ள பெரியவர்களைத் தேடிப்போய் எண்ணியது. நூற்றில் சுமார் ஏழு பேர்தான் முகாமுக்கு வந்திருந்தார்கள். பயம், செலவு, குடும்பப் பொறுப்பு என்று மற்றவர்கள் வீட்டிலேயே இருந்துவிட்டார்கள். பந்தல் நிரம்பி வழிந்திருந்தாலும் கணக்கு இதுதான். பந்தலுக்குள் இருந்துகொண்டு எந்தச் சதவீதம் போட்டாலும் இந்த ஏழு தெரிந்திருக்காது.

பின்னாளில் அரவிந்த் கிராமப்புறங்களில் நிரந்தரக் கண் பார்வை மையங்களைத் திறந்தது. அங்கே பயிற்சி பெற்ற ஊழியர்கள் தினமும் பரிசோதிக்கிறார்கள், மருத்துவர் வீடியோவில் பார்க்கிறார். முகாம் தேதிக்காகக் காத்திருக்க வேண்டாம்.

என் பார்வையில், பதிவு செய்தவர்களில் எத்தனை பேர் வந்தார்கள் என்பதை அழைப்பைத் திருத்துவதற்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம். முகாம் வெற்றியா என்பதற்கு, சுற்றுக் கிராமங்களில் தேவை உள்ளவர்களில் எத்தனை பேர் வந்தார்கள் என்பதே அளவு. அதை முழுதாக எண்ண வசதி இல்லாவிட்டால், ஒரு தெருவையாவது வீடு வீடாக எண்ணுங்கள். அடுத்த முகாம் அறிக்கையில் வருகைச் சதவீதம் போடும்போது, அது யாரில் எத்தனை பேர் என்று அதே வரியில் எழுதிவிடுங்கள்.