பேசுபவரின் பெயர் எப்போது வர வேண்டும்?

பேட்டியில் முகம் தெரிந்த நொடியிலேயே பெயரைப் போடாதீர்கள். பார்ப்பவர் முதலில் முகத்தைப் பார்க்கட்டும். எட்டு நொடித் துண்டு என்றால், ஒரு நொடி கழித்துப் பெயர் வந்து, ஆறாவது நொடியில் மறையலாம். காட்சி மாறிய பின்னும் பெயர் நின்றால், அது அடுத்தவர் முகத்தில் ஒட்டிக்கொள்ளும். இருமுறை நிதானமாக வாசித்துப் பார்ப்பதே நேரத்துக்கு நல்ல அளவுகோல்.

ஒரே வார்ப்பை நகலெடுத்து, எழுத்தை மட்டும் மாற்றுங்கள். 1920×1080 திரையில் இடப்பக்கம் 96, கீழே 54 பிக்சலாவது விடுங்கள். நீண்ட பதவிக்காக எழுத்தைச் சிறிதாக்காமல் பதவியைச் சுருக்குங்கள். ஆங்கில எழுத்துக்கு அளந்த பட்டையில் தமிழின் ‘கி’ மேல்விலங்கும் கீழே இறங்கும் வால்களும் வெட்டுப்படலாம். ‘கிருஷ்ணமூர்த்தி’ என்று அடித்துப் பார்த்தே பட்டையின் உயரத்தை முடிவுசெய்யுங்கள்.