நிறுத்த மறந்த பதினொரு நிமிடம்

திருநெல்வேலிப் பக்கத்து ஆச்சி வீட்டு பீரோவில் ஐந்து மினி டிவி கேசட்டுகள் கிடந்தன. எல்லாம் 2003-இல் மாமா எடுத்தவை. சென்னையில் எடிட்டராக இருக்கும் பேத்தி, அவற்றைக் குடும்பத்துக்கு ஒரு நாற்பது நிமிடப் படமாக்கித் தர ஒப்புக்கொண்டாள்.

மினி டிவி நாடாவில் பதிவு ஏற்கெனவே டிஜிட்டல்தான். கேமராவை ஃபயர்வயர் கம்பியால் கணினியோடு இணைத்தால் நாடாவில் உள்ளது அப்படியே இறங்கும், தரம் குறையாது. ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 13 ஜிபி. முதல் கேசட்டில் படம் சதுரம் சதுரமாகச் சிதறியது. நாடாவே கெட்டுவிட்டதோ என்று பயந்தாள். சுத்தம் செய்யும் கேசட்டைச் சில நொடி ஓட்டியதும் படம் தெளிந்தது. ஹெட்டில் படிந்த அழுக்குதான் காரணம்.

படத்தோடு எடுத்த தேதியும் நேரமும் நாடாவில் பதிவாகும், திரையில் தெரியாது. அந்த நேரம் எங்கே தாவுகிறதோ அங்கே மென்பொருள் துண்டு போடும். கேமராவின் கடிகாரம் தப்பாக இருந்தால் இதை நம்ப முடியாது. அதனால் தாலி கட்டும் காட்சியின் நேரத்தைக் கல்யாணப் பத்திரிகையோடு ஒப்பிட்டுப் பார்த்தாள். பொருந்தியது.

அந்தத் துண்டுகளில் ஒன்று பதினொரு நிமிடம். திண்ணை, சாய்ந்த தூண், கொஞ்சம் வெயில். மாமா நிறுத்த மறந்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார். எந்த எடிட்டரும் பார்க்காமலே ஒதுக்கும் சரக்கு. ஆனால் ஒலிக்கோடு ஏழாவது நிமிடத்தில் லேசாகத் துள்ளியிருந்தது.

ஆச்சி வந்து குனிகிறாள். பிள்ளைகளுக்கு அவர்கள் முகத்தையே காட்டி விளையாட, மாமா கேமராவின் சின்னத் திரையை முன்பக்கம் திருப்பி விட்டிருந்தார். அப்படித் திருப்பினால் திரையில் தெரிவது கண்ணாடி பிம்பம். பதிவாவது நேர்ப் படம்.

"நாந்தானா இது?"

முந்தானையை மெல்ல விலக்குகிறாள். பாம்படம் இல்லை. தோள் வரை தொங்கும் காதை விரலால் தூக்கிப் பார்க்கிறாள், விடுகிறாள், மறுபடி மூடிக்கொள்கிறாள்.

பேத்தி முதல் கேசட்டுக்குத் திரும்பினாள். பொங்கல், இரண்டு காதிலும் பாம்படம் ஆடுகிறது. ஜூன் மாதக் கல்யாணத்தில் ஒரு காட்சியில்கூட ஆச்சியின் காது தெரியவில்லை. இத்தனை நாள் அதை மரியாதைக்குப் போட்ட முக்காடு என்றே நினைத்திருந்தாள்.

அம்மாவுக்குப் போன் போட்டாள்.

"கல்யாணச் செலவுக்கு வித்தாச்சுல்லா. காத வெட்டித் தச்சுக்கிடுங்கன்னு எத்தனயோ பேரு சொல்லியாச்சு. ஆச்சி கேக்கவே இல்ல."

குடும்பப் படத்தில் அந்தத் துண்டை அவள் சேர்க்கவில்லை. கேமரா ஓடுவது தெரிந்திருந்தால் ஆச்சி முந்தானையை விலக்கியிருக்க மாட்டாள். தனிக் கோப்பாக்கி அம்மாவுக்கு மட்டும் அனுப்பினாள், ஒலியைக்கூடச் சுத்தம் செய்யாமல்.