காலை வாருவது வேறு, காலை இழுப்பது வேறு

‘அவன் சும்மா கயிறு திரிக்கிறான்’ என்று பக்கத்து வீட்டுக்காரர் சொன்னால், நாம் யாரும் தேங்காய் நாரைத் தேடிப் போவதில்லை. பொய் சொல்கிறான் என்று உடனே புரிந்துகொள்கிறோம். கயிறும் தெரியாது, திரிப்பதும் தெரியாது. அர்த்தம் மட்டும் நேராக வந்து சேர்ந்துவிடுகிறது. தாய்மொழியின் வசதி அது. ஆங்கிலத்தில் இந்த வசதி நமக்கு இல்லை. எஸ்.எஸ்.சி. தேர்வில் மரபுத்தொடர் கேள்வி அமைப்பவர்கள் கைவைப்பது அங்கேதான்.

பட்டதாரிகளுக்கான சி.ஜி.எல். முதல் கட்டத் தேர்வில் ஒரு மணி நேரத்தில் 100 கேள்விகள். அதில் 25 ஆங்கிலம். சரியான விடைக்கு 2 மதிப்பெண், தவறானால் 0.50 போய்விடும். ஆங்கிலப் பகுதியில் இடியம்ஸ் சிலவும், ‘ஒன் வேர்ட் சப்ஸ்டிடியூஷன்’ எனப்படும் ஒரு சொல் கேள்விகள் சிலவும் வரும். பத்தி படித்துப் பதில் எழுதும் வேலை இதில் இல்லை. தெரிந்தால் பத்து விநாடி. அதனால்தான் எங்கள் வகுப்புக்கு வரும் பிள்ளைகள் இந்தப் பகுதியை ‘அள்ளுற மார்க்’ என்பார்கள். மாதிரித் தேர்வு விடைத்தாளைப் பார்த்தால் அள்ளியது குறைவாகவும் சிந்தியது நிறையவும் இருக்கும்.

ஏன் சிந்துகிறது என்பதற்கு ஒரு சிறு கணக்கு. ஒன்றுமே தெரியாமல் கண்ணை மூடிக்கொண்டு நாலு கேள்விக்கு விடை போடுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றிலும் நாலு விடைகள் என்பதால் சராசரியாக ஒன்று சரியாகும். அதற்கு 2 மதிப்பெண். மற்ற மூன்றுக்கும் சேர்த்து 1.50 போகும். ஆக அரை மதிப்பெண் மிச்சம். அதே நாலு கேள்வியையும் சொல்லுக்குச் சொல் அர்த்தம் பார்த்துப் போட்டால் நாலும் தவறாகி 2 மதிப்பெண் நஷ்டமாகலாம். ஏனென்றால் சொல்லுக்குச் சொல் படிப்பவருக்காகவே தூண்டில் போல ஒரு விடையை அங்கே வைத்திருப்பார்கள். அரைகுறையாகத் தெரிந்தவன் ஒன்றுமே தெரியாதவனைவிட மோசமாக மாட்டுகிற இடம் இது.

இதுவரை எல்லா வழிகாட்டிப் புத்தகங்களும் சொல்வதுதான். தமிழில் யோசிக்கிற நமக்கு இன்னொரு தூண்டிலும் இருக்கிறது. அதை எனக்குக் காட்டியது ஒரு மாணவி.

‘புல் சம்ஒன்ஸ் லெக்’ என்று ஒரு தொடர். நேரடியாகச் சொன்னால் ஒருவர் காலைப் பிடித்து இழுப்பது. கொடுத்திருந்த விடைகள் நாலு: ஒருவரை இழுத்துச் செல்வது, ஒருவருக்குத் துரோகம் செய்வது, ஒருவரை விளையாட்டாகக் கேலி செய்வது, ஒருவருக்கு உதவுவது. அந்தப் பெண் துரோகம் என்று போட்டிருந்தாள். கெட்டிக்காரப் பெண், முதல் விடையைத் தூண்டில் என்று சரியாகவே ஒதுக்கியிருந்தாள். தவறு என்று நான் குறித்ததும் எழுந்து நின்றாள்.

“சார், காலை வாருறதுன்னா கூட இருந்தே கவுத்துவிடுறது தானே?”

“தமிழ்ல அதாம்மா. இங்கிலீஷ்ல சும்மா ஓட்டுறது.”

“ரெண்டும் கால்தானே சார்?”

கால்தான். ஆனால் ஒரே காலை இரண்டு மொழிகளும் வெவ்வேறு வேலைக்கு வைத்திருக்கின்றன. நம்பியிருந்த நேரத்தில் ஒருவர் கைவிட்டால் ‘காலை வாரிவிட்டார்’ என்கிறோம். அதில் வலி உண்டு. ஆங்கிலத் தொடரில் வலி கிடையாது. ‘உனக்கு லாட்டரி அடிச்சிருக்காம்’ என்று நண்பனை ஒரு நிமிஷம் நம்பவைத்துவிட்டுச் சிரிப்பதுதான் அது. இப்போது நகரத்துப் பேச்சில் ‘என்னடா காலை வாருறே’ என்று கேலியைக் குறித்தும் சொல்கிறார்கள். ஆங்கிலத் தொடர் மெல்ல உள்ளே நுழைந்த அடையாளம் என்றே எனக்குப் படுகிறது. அப்படிப் பேசிப் பழகியவர்கள் இந்தக் கேள்வியில் தப்பித்துவிடுவார்கள். அந்தப் பெண்ணின் வீட்டில் அப்படிப் பேசும் வழக்கம் இல்லை.

அதன்பிறகு நானும் இந்த மாதிரி இரட்டைகளைத் தேட ஆரம்பித்தேன். ‘ஹேவ் ஒன்ஸ் ஹேண்ட்ஸ் ஃபுல்’ என்றால் கைகள் நிறைந்திருப்பது. நமக்குக் கை நிறைவது என்றாலே சம்பளம்தான். ‘மாப்பிள்ளை கை நிறையச் சம்பாதிக்கிறார்’ என்று கேட்டு வளர்ந்தவர்கள் வசதியாக வாழ்வது என்ற விடைமேல்தான் விரல் வைப்பார்கள். ஆங்கிலத்தில் அதற்கு வேலை தலைக்குமேல் இருப்பது என்று பொருள். கையில் ஏற்கெனவே சுமை இருக்கிறது, இன்னொன்றை வாங்க இடமில்லை என்பது அங்கே உள்ள படம்.

‘ஈட் ஒன்ஸ் வேர்ட்ஸ்’ இன்னும் நுட்பமானது. வார்த்தைகளைத் தின்பது. நாம் வார்த்தையை மென்று முழுங்குகிறோம். அதாவது சொல்ல வந்ததை முழுதாகச் சொல்லாமல் இழுக்கிறோம். வார்த்தை இன்னும் வெளியே வரவில்லை. ஆங்கிலக்காரர் தின்னும் வார்த்தை ஏற்கெனவே வெளியே வந்துவிட்ட வார்த்தை. ‘இந்த டீம் முதல் சுற்றுகூடத் தாண்டாது’ என்று அடித்துப் பேசியவர், அந்த அணி கோப்பையை வென்றபின் ‘நான் சொன்னது தப்பு’ என்று ஒப்புக்கொள்வதே அது. விடைகளில் தயங்கிப் பேசுவது, சொன்னதைத் திரும்பப் பெறுவது என்று இரண்டும் இருந்தால் தமிழ்க் காது முதலாவதையே கேட்கும்.

இதற்காகத் தமிழை மறந்துவிட்டுப் படியுங்கள் என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. எத்தனையோ இடங்களில் தமிழ்தான் கைகொடுக்கிறது. அடுத்தவர் விஷயத்தில் மூக்கை நுழைப்பது இரண்டு மொழியிலும் ஒன்றுதான். ஒரு காரியத்தைக் கைகழுவுவதும் அப்படியே.

‘ஒயிட் எலிஃபென்ட்’ என்ற தொடரை எடுத்துக்கொள்ளுங்கள். வெள்ளை யானை. அபூர்வமான பொருள், அரச கௌரவம், மிகப் பெரிய விலங்கு என்றெல்லாம் விடைகள் இருக்கும். சரியான விடை, பராமரிக்கும் செலவுக்கு ஏற்ற பயன் தராத சொத்து. சயாம் அரசர் தனக்குப் பிடிக்காத பிரபுவுக்கு வெள்ளை யானையைப் பரிசாகக் கொடுப்பாராம். புனிதமான யானை என்பதால் வேலை வாங்கவும் முடியாது, விற்கவும் முடியாது, தீனி போட்டே அந்த மனிதர் ஓட்டாண்டியாகிவிடுவார் என்று ஒரு கதை சொல்வார்கள். கதை நடந்ததோ இல்லையோ, நமக்கு அது தேவையில்லை. ‘யானையைக் கட்டித் தீனி போட முடியுமா?’ என்று நம் வீடுகளிலேயே கேட்கிறார்களே, அதே யானைதான். இதைச் சொன்ன பிறகு எங்கள் வகுப்பில் அந்தக் கேள்வியை யாரும் தவறவிட்டதில்லை.

ஆகவே தமிழ் இணை தோன்றினால் அதை உதறவும் வேண்டாம், உடனே நம்பவும் வேண்டாம். கேள்வியில் வாக்கியம் கொடுத்திருந்தால் அதில் பொருத்திப் பாருங்கள். ‘என் அண்ணன் சிரித்துக்கொண்டே சொன்னபோதுதான் அவன் காலை இழுக்கிறான் என்று தெரிந்தது’ என்ற வாக்கியத்தில் துரோகம் எங்கே உட்காரும்? சிரிப்பு என்ற ஒரு சொல்லே காட்டிக்கொடுத்துவிடுகிறது. வாக்கியம் இல்லாமல் தொடரை மட்டும் கொடுத்தால் இந்த வழி அடைபட்டுவிடும். அங்கே முன்பே தெரிந்திருந்தால்தான் உண்டு. ஊகத்தால் கண்டுபிடிக்க முடியாத தொடர்கள் ஏராளம். ‘ஹாப்ஸன்ஸ் சாய்ஸ்’ என்றால் வேறு வழியே இல்லாத தேர்வு என்பதை எந்தத் தர்க்கத்தாலும் எட்ட முடியாது. கேம்பிரிட்ஜில் குதிரை வாடகைக்கு விட்ட தாமஸ் ஹாப்ஸன், வாசலுக்குப் பக்கத்தில் நிற்கும் குதிரையைத்தான் எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் நடையைக் கட்டலாம் என்பாராம். அவர் 1631-இல் இறந்தார். பெயர் மட்டும் இன்னும் வினாத்தாளில் உலவுகிறது.

ஒரு சொல் கேள்விகளில் நிலைமை தலைகீழ். இடியத்தில் சொற்களை நம்பக் கூடாது. இங்கே விளக்கத்தின் ஒவ்வொரு சொல்லையும் எடைபோட வேண்டும். ‘தன் நாட்டை விட்டு வேறு நாட்டில் குடியேறச் செல்பவர்’ என்று கேட்டு ‘எமிகிரன்ட்’, ‘இமிகிரன்ட்’ இரண்டையும் தருவார்கள். ஆள் ஒருவரே, எந்த வாசலில் நின்று பார்க்கிறோம் என்பதே வித்தியாசம். தமிழில் குடிபெயர்ந்தவர், குடியேறியவர் என்று அழகாகப் பிரித்து வைத்திருக்கிறோம். விட்டுச் செல்வதைச் சொன்னால் எமிகிரன்ட், வந்து சேர்வதைச் சொன்னால் இமிகிரன்ட்.

தமிழ் காலை வாரும் இடம் இதிலும் உண்டு. கடவுள் இல்லை என்பவரையும், இருக்கிறாரா இல்லையா என்று அறியவே முடியாது என்பவரையும் பேச்சுவழக்கில் நாத்திகர் என்று ஒரே கட்டாகக் கட்டிவிடுகிறோம். ஆங்கிலத்தில் முதலாமவர் ‘ஏதியிஸ்ட்’. இரண்டாமவர் ‘அக்னாஸ்டிக்’, விஞ்ஞானி டி.எச். ஹக்ஸ்லி 1869-இல் உண்டாக்கிய சொல் அது. விளக்கத்தில் ‘நம்பாதவர்’ என்று இருக்கிறதா, ‘அறிய முடியாது என்பவர்’ என்று இருக்கிறதா என்று நின்று பார்க்காதவர்கள் இங்கே சறுக்குகிறார்கள்.

வேர்ச்சொல் தெரிந்தால் பாதிச் சுமை குறையும். ‘மிசோஜினிஸ்ட்’, ‘மிசோகமிஸ்ட்’ இரண்டிலும் வரும் ‘மிசோ’ வெறுப்பைக் குறிக்கும் கிரேக்கச் சொல். பெண்களை வெறுப்பவர் எவர், திருமணத்தை வெறுப்பவர் எவர்? ஆஸ்பத்திரி போர்டில் ‘கைனகாலஜி’ என்று பார்த்திருப்பீர்கள். ஆங்கில எழுத்தில் அதன் தொடக்கமான gyn, மிசோஜினிஸ்ட் நடுவிலும் இருக்கிறது; அது பெண். ‘பாலிகமி’யில் உள்ள gam திருமணம். ஆனால் வேர்ச்சொல்லும் சில நேரம் ஏமாற்றும். ‘பெடஸ்ட்ரியன்’ பாதசாரி என்பதால் ped என்று தொடங்கும் எல்லாவற்றிலும் காலைத் தேடினால், குழந்தை மருத்துவரான ‘பீடியாட்ரிஷியன்’ கால் டாக்டர் ஆகிவிடுவார். கால் டாக்டர் ‘பொடயாட்ரிஸ்ட்’. முன்னதில் இருப்பது லத்தீன் கால், நடுவில் இருப்பது கிரேக்கக் குழந்தை.

அந்த மாணவி இப்போது ஒரு நோட்டு வைத்திருக்கிறாள். பக்கத்துக்கு மூன்று பத்தி: ஆங்கிலத் தொடர், அதன் பொருள், அதைப் பார்த்ததும் தன் மனசில் முதலில் தோன்றிய தமிழ். முதல் இரண்டு பத்திகள் எல்லாக் கையேட்டிலும் கிடைக்கும். மூன்றாவது அவரவர் வீட்டில் பேசும் தமிழைப் பொறுத்தது. அதை நீங்களேதான் எழுதிக்கொள்ள வேண்டும்.