சதுரங்கக் கட்டத்தில் அரிசி

கணக்கு ஆசிரியர் சதுரங்கப் பலகையை மேசைமேல் வைத்தார். முதல் கட்டத்தில் ஓர் அரிசி, அடுத்ததில் 2, அதற்கடுத்து 4. முதல் வரிசையின் எட்டுக் கட்டங்களும் நிரம்பியபோது மொத்தம் 255 மணிகள்தான். ஒரு கைப்பிடிகூடத் தேறவில்லை.

“இவ்வளவுதானா சார்?” என்றாள் ஒரு மாணவி.

“21ஆம் கட்டம் வரட்டும்மா!” அந்த ஒரு கட்டத்துக்கு மட்டும் 10,48,576 மணிகள் வேண்டும். ஏறத்தாழ 20 கிலோ.

பிறகு பணத்துக்கு வந்தார். 72ஐ வட்டி விகிதத்தால் வகுத்தால், பணம் இரட்டிப்பாக ஆகும் ஆண்டுகள் தோராயமாகக் கிடைக்கும். 8 சதவீதக் கூட்டு வட்டிக்கு 9 ஆண்டுகள். அதுதான் ஒரு கட்டம். 10,000 ரூபாய் 36 ஆண்டுகளில் நான்கு முறை இரட்டித்து ஏறத்தாழ 1,60,000 ஆகும். வட்டியை வருடாவருடம் எடுத்துச் செலவழித்தால் கட்டமே நகராது. 9 ஆண்டுகள் தாமதமாகத் தொடங்கினால் கைவிட்டுப்போவது முதல் கட்டமல்ல, கடைசிக் கட்டம்: 80,000 ரூபாய்.

அரிசிக் கதையில் இல்லாத ஒன்றையும் அவர் மறைக்கவில்லை. விலைவாசி ஆண்டுக்கு 6 சதவீதம் ஏறினால், அதுவும் 12 ஆண்டுகளில் இரட்டிக்கும். 36 ஆண்டுகளில் எட்டு மடங்கு. அன்றைய 1,60,000 ரூபாய் வாங்கித்தருவது, இன்று 20,000 ரூபாய்க்குக் கிடைக்கும் பொருளைத்தான்.